ஏறிய எடை கொழுப்பா, தண்ணீரா?

கல்லூரியில் பளு தூக்கும் என் மகள், கோச் சொன்னார் என்று கிரியேட்டின் பொடி வாங்கி வந்தாள். முதல் வாரம் மட்டும் வேளைக்கு 5 கிராமாக நாளைக்கு நாலு வேளை, அப்புறம் தினம் 5 கிராம். ஆறாம் நாள் காலை எடை பார்க்கும் மெஷினில் ஏறியவள், "அம்மா, 54 இருந்தது 55.4 ஆயிடுச்சு, குண்டாயிட்டேன்!" என்று அழாத குறை. அன்று ராத்திரி சாப்பாடே வேண்டாம் என்று வெள்ளரிக்காயோடு நிறுத்திவிட்டாள். மறுநாளும் அதே கதை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டார். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டுமாம். 1.4 கிலோவுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். ஆறு நாளில் என்றால் தினம் 1,800 கலோரி அதிகம். இட்லிக்கு 60 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே தினம் 30 இட்லி! "சாப்பிட்டாயா?" என்றார். பெண் வாயைத் திறக்கவில்லை.

பின் ஏறியது என்ன? கிரியேட்டின் நம் உடம்பே தயாரிக்கிற பொருள்தான். மீனிலும் இறைச்சியிலும் உண்டு. பெரும்பாலும் தசைக்குள்தான் தங்கும். பொடியாகச் சாப்பிட்டால் தசையில் அது கூடும். கூடும்போது தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உலர்ந்த திராட்சை ஊறி உப்புகிற மாதிரிதான். முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு கிலோ ஏறுவது சகஜம். சைவக்காரர்களுக்குத் தசையில் இருப்பு குறைவாக இருப்பதால், அது கூடுதலாகவே நிரம்பும். நாங்களும் சைவம்தான். முதல் வார 20 கிராம் இல்லாமல், ஆரம்பத்திலிருந்தே தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தாலும் மூன்று, நாலு வாரத்தில் அதே அளவுக்கு வந்துவிடுமாம். எடையும் மெதுவாக ஏறும், பயமும் இராது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்!

வீட்டில் கண்டுபிடிக்க, தையல் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில் எடை, வாரம் ஒரு தடவை தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. தண்ணீர் என்றால் எடை சட்டென்று ஏறி அங்கேயே நின்றுவிடும், இடுப்பு அசையாது. வாரா வாரம் எடையும் ஏறி, பாவாடை நாடாவும் இறுகினால்தான் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். என் மகளுக்கு இடுப்பு 28 அங்குலத்திலேயே இருந்தது. எடை இரண்டாம் வாரம் 55.6, மூன்றாம் வாரம் 55.5. பொடியை நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் தசையிலிருக்கும் இருப்பு பழைய அளவுக்கு வந்து, அந்தத் தண்ணீரும் குறையும்.

கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிற வீக்கம் வேறு சமாசாரம். அதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடவே கூடாது. ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் இதைச் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார். கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டி, வீணாகப் பயமுறுத்துமாம்.

வீடு திரும்பியதும் பெண் தோசைக்கல்லைத் தானே அடுப்பில் வைத்தாள். மூன்று தோசை!