இரண்டு விலைகளுக்கு நடுவே

ஒரு பிட்காயின் இன்று 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில், மூன்று மாதம் கழித்து முடியும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் 61,500-க்குப் போகிறது. விலை ஏறும் என்று நம்புகிறவர்கள், முழுப் பணம் கட்டாமல் வாங்க முடிவதால், அந்தக் கூடுதலைத் தருகிறார்கள்.

வியாபாரி ஒரு காயினை ரொக்கத்துக்கு வாங்கி, கூடவே ஒரு ஃபியூச்சர்ஸை விற்றுவிடுகிறார். ஒப்பந்தம் முடியும் நாளில் இரண்டு விலைகளும் ஒன்றாகிவிடும். அன்று விலை 50,000 என்றால் காயினில் 10,000 நட்டம், ஃபியூச்சர்ஸில் 11,500 லாபம். 80,000 என்றால் காயினில் 20,000 லாபம், ஃபியூச்சர்ஸில் 18,500 நட்டம். எப்படிப் பார்த்தாலும் கையில் நிற்பது 1,500. அதில் கட்டணமும், முடக்கிய பணத்துக்கான வட்டியும் போகும்.

ஆபத்து நடுவழியில்தான். சிகாகோவின் சிஎம்இ சந்தையில் ஃபியூச்சர்ஸ் கணக்கு தினமும் பணமாகத் தீர்க்கப்படுகிறது. விலை திடீரென ஏறினால், விற்றவர் உடனே மார்ஜின் பணம் கட்ட வேண்டும். காயினில் வந்த லாபமோ விற்கும்வரை கைக்கு வராது. கட்டத் தவறினால் ஃபியூச்சர்ஸ் வலுக்கட்டாயமாக மூடப்படும். பிறகு விலை சரிந்தால், தடுக்க எதுவும் இல்லாத வெறும் காயின்தான் மிஞ்சும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கையிருப்புப் பணத்தை ஒதுக்கிவிட்டே காயினை வாங்குகிறார்கள்.