தலைக்கு மேல் எவ்வளவு இடம்?

போன வருட மலரில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் லேத் ஷாப்பில் பல வருடம் இருந்த இன்ஸ்ட்ரக்டர் காலமான வருடம் அது. நினைவஞ்சலிப் பக்கத்துக்குப் படம் தயார் செய்கிற வேலை என்னிடம் வந்தது. செல்போனில் எடுத்த நல்ல படம் ஒன்று இருந்தது. லேத் பக்கத்தில் நின்று, லேசாக இடது பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். ஆனால் பின்னால் பாதிப் படம் சுவரும் ஜன்னலும்தான். "வேண்டாத இடத்தையெல்லாம் வெட்டிட்டா முகம் பெருசா தெரியும்" என்று நெருக்கி கிராப் செய்தேன். 30 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் உயரக் கட்டத்தில் கறுப்பு பார்டரோடு அச்சாகி வந்தது.

மலர் வாங்க வந்த அவருடைய மகள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. ஆனா அப்பாவை ஏதோ பெட்டிக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கு" என்றது. எனக்குச் சுருக்கென்றது. முகம் தெளிவு, வெளிச்சம் சரி. அப்புறம் எது அடைத்தது?

அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும் நண்பர்களே! கண்ணிலிருந்து மோவாய் அடி வரை உள்ள தூரத்தை 'ஒரு அளவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதத் தலையில் கண் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. நெற்றிதான் மேலே என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணுக்குக் கீழே எவ்வளவோ, உச்சந்தலை வரை மேலேயும் ஏறக்குறைய அவ்வளவு. ஆக, மோவாயிலிருந்து உச்சி வரை 2 அளவு. அடர்த்தியான முடி இருந்தால் இன்னும் கொஞ்சம்.

இனி, எல்லோரும் சொல்லித்தரும் விதிக்கு வருவோம். படத்தின் உயரத்தை மூன்றாகப் பிரித்து, மேல் கோட்டில் கண்ணை வை என்பார்கள். கிராப் செய்யும்போது திரையில் வருகிற கட்டங்களும் அதற்குத்தான். விதி நல்ல விதிதான். ஆனால் நெருக்கிக்கொண்டே போகும்போது அதில் ஒரு குழி இருக்கிறது. கட்டத்தின் உயரம் சரியாக 3 அளவு ஆகும்போது கண்ணுக்கு மேலே மிஞ்சுவது 1 அளவு. தலையும் அங்கே 1 அளவுதான். அதாவது உச்சந்தலை போய் விளிம்பில் முட்டும்!

நான் விழுந்தது அந்தக் குழியில்தான். அந்தப் படம் 3000க்கு 4000 பிக்சல். மேலிருந்து எண்ணினால் முடியின் உச்சி 860இல், கண் 1400இல், மோவாய் 1900இல். ஒரு அளவு என்பது 500 பிக்சல். நான் வெட்டிய உயரம் 1500. கண் மூன்றில் ஒரு பங்கில் 'விதிப்படி' இருந்தது. மேல் விளிம்பு 900இல் விழுந்ததால் முடியில் 40 பிக்சல் போய்விட்டது. அச்சில் அது சுமார் 1 மில்லிமீட்டர். வேண்டுமென்று வெட்டியதாகவும் இல்லை, விட்டுவைத்ததாகவும் இல்லை. விளிம்பை ஒட்டி உரசுகிற இடத்துக்குத்தான் பார்க்கிறவர் கண் போகும். தாழ்ந்த நிலைப்படியில் ஒருவர் தலை இடிக்கப்போவதைப் பார்க்கிற மாதிரி ஒரு உறுத்தல். பக்கத்தில் கறுப்பு பார்டர் வேறு!

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குழிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வது. உயரத்தை 4 அளவாக, அதாவது 2000 பிக்சலாக வைத்தேன். கண் மூன்றில் ஒரு பங்கில் நிற்க, மேல் விளிம்பு 733இல் வருகிறது. முடிக்கு மேலே 127 பிக்சல் காலி. அச்சில் இரண்டரை மில்லிமீட்டர். கீழே மார்பின் மேற்பகுதி வரை தெரிகிறது. தலை மூச்சு விடுகிறது.

இரண்டாவது வழி, குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவது. உயரம் 2.4 அளவு, அதாவது 1200 பிக்சல். மேல் விளிம்பு 1000இல். முடியில் 140 பிக்சல் துணிந்து வெட்டுப்படுகிறது. ஆனால் மோவாய்க்குக் கீழே 300 பிக்சல், அச்சில் முழுதாக 10 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. கழுத்தும் சட்டைக் காலரும் தெரிகின்றன. முதல் முறை செய்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை. தலையை வெட்டினால் அசிங்கமாக இருக்காதா? இல்லை! சினிமாவில் குளோசப்பைக் கவனியுங்கள். பல ஷாட்டில் உச்சிமுடி இருக்காது, நாம் அதைத் தேடுவதும் இல்லை. ஆள் கிட்டே வந்து பேசுகிற மாதிரிதான் தோன்றும். மேலே வெட்டியதை மனசு தானே நிரப்பிக்கொள்ளும். மோவாயைக் கீழ் விளிம்பில் முட்டவிட்டால் மட்டும் கழுத்தைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் நெருக்குவதாக இருந்தால் மேலே நெருக்குங்கள், கீழே விடுங்கள்.

இதற்கும் எல்லை உண்டு. முடி தொடங்கும் கோடு கண்ணுக்கு மேலே சுமார் 0.7 அளவில் இருக்கிறது. விளிம்பு அங்கே வந்து உட்கார்ந்தால் மறுபடியும் உரசல்தான். எனவே 2.4க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வழுக்கைத் தலைக்கும், தலைப்பாகை, தொப்பி, பூ வைத்த கொண்டைக்கும் இரண்டாவது வழி ஆகாது. அவர்களுக்கு முதல் வழிதான். தொப்பியும் கொண்டையும் தலையை உயர்த்துவதால் 4 அளவு கூடப் போதாமல் போகலாம். மேலே இடம் தெரிகிறவரை உயரத்தைக் கூட்டுங்கள்.

பக்கவாட்டிலும் இதே கதைதான். இன்ஸ்ட்ரக்டர் இடது பக்கம் பார்க்கிறார். தலையின் அகலம் 700 பிக்சல், கட்டத்தின் அகலம் 900. மிஞ்சிய 200ஐச் சமமாகப் பிரித்தால் பார்வை விளிம்பில் இடிக்கிறது. அதனால் பார்க்கிற பக்கம் 125, முதுகுப் பக்கம் 75 என்று விட்டேன். 25 பிக்சல் நகர்த்தியதுதான். பார்வைக்கு வழி கிடைத்துவிட்டது.

இதெல்லாம் ஒற்றைப் படத்துக்கு. இறுதியாண்டு மாணவர் படங்களை வரிசையாகப் போடும்போது இன்னொரு வம்பு வரும். எல்லோருக்கும் தலைக்கு மேல் ஒரே இடம் விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஒருத்தன் பம்பை முடி, ஒருத்தன் ஒட்ட வெட்டியவன். முடியிலிருந்து அளந்தால் பம்பை முடிக்காரன் கண் மட்டும் கீழே இறங்கி, வரிசை குண்டும் குழியுமாகத் தெரியும். முடியை மறந்துவிட்டு, கண்ணிலிருந்து மோவாய் வரை எல்லோருக்கும் ஒரே அளவாக வைத்து, எல்லோர் கண்ணும் ஒரே கோட்டில் வரும்படி அடுக்குங்கள். தலைக்கு மேல் இடம் ஆளுக்கு ஆள் கூடலாம், குறையலாம்; யாருக்கும் உறுத்தாது. அதிக முடி உள்ளவனுக்கு இடம் பத்துகிறதா என்று முதலில் பார்த்து, அந்த உயரத்தையே எல்லோருக்கும் வைத்தால் போதும்.

திரையில் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அச்சில் வரப்போகும் அதே சைஸில் ஒரு பிரின்ட் எடுத்து, சுற்றிலும் பார்டர் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் பார்வை முதலில் கண்ணுக்குப் போனால் படம் சரி. மேல் விளிம்புக்குப் போனால் எங்கோ உரசுகிறது.

இரண்டு வழியிலும் பிரின்ட் எடுத்து அந்தத் தங்கையிடமே காட்டினேன். இரண்டாவதைத்தான் கையில் எடுத்தது. இந்த மலரில் அதே படம், அதே 30க்கு 40 கட்டத்தில் மீண்டும் வருகிறது. போன வருட மலர் கையில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் இடமே இல்லாத படம்தான் விசாலமாக இருக்கிறது!