பெட்டியில் 3600 டிபிஐ... உள்ளே 1800தானா?

ராயப்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து தாத்தா பாட்டி கல்யாண நெகட்டிவ் கிடைக்கிறது. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்க ஆசை. விலை குறைந்த ஃபிலிம் ஸ்கேனர் பெட்டியில் ‘3600 டிபிஐ’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நம்பலாமா?

அடியில் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘5 மெகாபிக்சல் சென்சார், 3600 டிபிஐ இன்டர்போலேட்டட்’ என்று இருந்தால், ஒரு சின்னக் கணக்கு போதும். 5 மெகாபிக்சல் என்றால் நீளவாக்கில் சுமார் 2,592 புள்ளிகள். 35 எம்.எம். நெகட்டிவின் நீளம் 36 மில்லிமீட்டர், அதாவது 1.42 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 1,800 புள்ளிகள். இதுதான் ‘ஆப்டிகல்’, அதாவது கருவி நிஜமாகப் பார்ப்பது. மீதியை பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து சாஃப்ட்வேர் ஊகித்து நிரப்புகிறது. ஃபைல் பெருக்கும், பாட்டி புடவையின் ஜரிகை தெளியாது.

பிரின்ட்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 2,592ஐ 300ஆல் வகுத்தால் எட்டரை அங்குலம். ஆல்பத்துக்குத் தாராளம், போஸ்டருக்குப் போதாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஒரே நெகட்டிவை 1800, 3600 இரண்டிலும் ஸ்கேன் செய்து, முகத்தை ஒரே அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கண் இமை இரண்டிலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால், 1800லேயே சேமியுங்கள். போனில் இடமாவது மிஞ்சும்!