காதுக்கு எழுதும் எண்

மேட்டூர் அணைச் செய்தி ஒன்று அச்சுக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “நீர்மட்டம் 114.65 அடி, நீர்வரத்து வினாடிக்கு 12,850 கன அடி. 12.06.2025 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படும் என நீர்வளத்துறை மேட்டூர் அணைப் பிரிவு உதவி செயற்பொறியாளர் தெரிவித்தார்.”

கண்ணுக்குச் சிக்கலில்லை. வானொலியில் கேட்பவரோ திரும்பிப் பார்க்க முடியாது. வாசிப்பவர் “பன்னிரண்டு, பூஜ்யம் ஆறு” என்று தேதியிலேயே தடுக்கி விழுவார்.

எனவே, வாயால் சொல்வதை எழுத்தாக்க வேண்டும்: “மேட்டூர் அணை வரும் வியாழக்கிழமை, ஜூன் பன்னிரண்டாம் தேதி திறக்கப்படுகிறது. அணைப் பொறியாளர் இதைத் தெரிவித்தார். நீர்மட்டம் இப்போது நூற்றுப் பதினைந்து அடியை நெருங்குகிறது. முழு உயரம் நூற்று இருபது அடி. வினாடிக்குக் கிட்டத்தட்ட பதின்மூவாயிரம் கன அடி தண்ணீர் வருகிறது.”

தமிழில் பதவி பெயருக்கு முன்னால் நிற்கும். அது நீண்டால் பெயர் வருமுன் மூச்சு தீர்ந்துவிடும். முழுப் பதவி அவசியமென்றால் அதற்குத் தனி வாக்கியம் கொடுப்பதே மேல்.

துல்லியம் தேவைப்பட்டால் “நூற்றுப் பதினான்கு புள்ளி ஆறு ஐந்து” என்று எழுதுங்கள். “புள்ளி அறுபத்தைந்து” என்றால், 114.7-ஐவிட அது பெரிதென்று காது நினைக்கும்.

எல்லாவற்றையும் முழு எண்ணாக்குவதும் ஆபத்துதான். நீர்மட்டம் 119.6 அடியாக இருக்கையில் “நூற்று இருபது” என்று வாசித்தால், அணை நிரம்பிவிட்டது என்ற பொய்ச்செய்தி டெல்டாவரை போய்விடும்.