அடீனியம் வாங்குமுன் விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

"அடீனியம், ஒட்டுச்செடி, அடுக்குப்பூ, உயரம் 12 அங்குலம், முழு வெயில், கூரியரில் அனுப்பப்படும்." நர்சரிகள் இணையத்தில் செடி விற்கும்போது தரும் விவரம் பெரும்பாலும் இவ்வளவுதான். பாலைவன ரோஜா என்று நாம் சொல்லும் அடீனியத்துக்கு இது போதாது.

முதலில் அளவு. 12 அங்குலம் என்பது மண்மட்டத்திலிருந்தா, தொட்டியையும் சேர்த்தா? தொட்டியே 5 அங்குல உயரம் என்றால் செடி வெறும் 7 அங்குலம்தான். ஆனால் அடீனியத்தின் வயதையும் வலுவையும் காட்டுவது உயரமல்ல, பருத்த அடித்தண்டின் சுற்றளவு. நிழலில் வளர்ந்த செடி மெலிந்து நெடுநெடுவென உயர்ந்திருக்கும். எனவே அடித்தண்டின் அளவைக் கேட்டு வாங்குங்கள். படத்தில் இருப்பது நமக்கு வரும் செடியா, மாதிரியா என்பதையும் கேளுங்கள்.

'ஒட்டுச்செடி' என்றால் பூவின் நிறம் உறுதி. விதையில் வளர்ந்த செடி தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும். அதை வளரவிட்டால் அடிச்செடியின் பூதான் வரும். கிள்ளும்போது கையுறை அணியுங்கள். அதன் பால் நச்சுத்தன்மை கொண்டது.

'முழு வெயில்' என்பதை நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் என்று கொள்ளலாம். ஜன்னலோர வெளிச்சத்தில் இலை தழைக்கும், பூ வராது. நாள் முழுக்க நிழல் விழும் பால்கனிக்கு இந்தச் செடி வேண்டாம்.

இனி, வந்து சேரும் நிலை. எடையைக் குறைக்க அடீனியத்தை மண்ணில்லாமல், வேரைக் காகிதத்தில் சுற்றி அனுப்புவது வழக்கம். இருட்டுப் பெட்டியில் சில நாள் கிடந்த செடியின் இலைகள் மஞ்சளாகி உதிரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் அது தாகம்தான், தேறிவிடும். விரல் அமுங்கி, கொழகொழவென்று இருந்தால் அழுகல். உடனே படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள்.

நல்ல செடியென்றால் ஒடிந்த வேர்களை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, நீர் தேங்காத மணல் கலந்த மண்ணில் நடுங்கள். வேர்க்காயம் ஆற மேலும் சில நாள் விட்டுத் தண்ணீர் ஊற்றலாம். வந்த அன்றே வேரை நனைத்தால் காயத்தின் வழியே அழுகல் ஏறும். பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

ஆக, விற்பவர் எழுத வேண்டியது இப்படி: "ஒட்டுச்செடி, மண்மட்டத்திலிருந்து 12 அங்குலம், அடித்தண்டின் சுற்றளவு 6 அங்குலம், ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் தேவை, மண்ணின்றி வரும், இலை உதிரலாம், அழுகியிருந்தால் மாற்றித் தரப்படும்."