செக்ரோல் கலைந்த பிறகு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், பால்மரம் வெட்டிப் பிழைத்த தொழிலாளியின் பெயர் அழைக்கப்படாமல் ஒரு வேலைநாள் விடிந்ததில்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் கூடி நின்றவர்களைக் கிராணி பெயர் சொல்லி அழைத்துச் செக்ரோல் என்னும் பேரேட்டில் குறித்துக்கொண்டார். சம்பளம் அந்தக் குறிப்பைக் கொண்டே கணக்கிடப்பட்டது. வராத ஒருவர் வந்ததாகக் குறிக்கப்பட்டால் நிர்வாகத்துக்கு நஷ்டம். வந்த ஒருவர் விடுபட்டால் தொழிலாளிக்கு நஷ்டம். இருதரப்பாரும் இரு திசையிலிருந்தும் கண்காணித்து வந்ததனால், மிகையும் குறையும் அதில் நெடுநாள் தங்க முடியவில்லை. லயத்து வீடுகளில் இருந்த முதியோரும் குழந்தைகளும் அதில் இடம்பெறவில்லை என்பது உண்மையே. எனினும் உழைப்பவர்களைப் பொறுத்தவரை அதனினும் திருத்தமான ஜாபிதா அக்காலத்துப் பட்டணங்களில் எதுவும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது; நகரங்களை அடுத்திருந்த நிலங்களில் தாமான்கள் எழும்பின. வேலையோடு வீடும் பிணைக்கப்பட்டிருந்தபடியால், வேலை போன அன்றே வீடும் போயிற்று. சுங்கை சிப்புட், சிம்மோர் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஈப்போவை நோக்கி வந்தவர்கள், உறவினர் வீட்டின் பின்கட்டிலும், அடுக்குமாடியின் வாடகை அறையிலும், புறம்போக்கில் எழுந்த பலகை வீட்டிலும் குடியேறினர். நாள்தோறும் பெயர் பதியப்பட்டவர்கள், எந்தப் பெயரேட்டிலும் சரியான விலாசத்தோடு காணப்படாதவர்களாக மாறியது அவ்வாறுதான். இம்மாற்றம் ஒரு நகரத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளும் விஷயங்களை எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நகரத்தின் நிலைமையை அறிய விரும்புவோர் எல்லாக் குடும்பங்களையும் விசாரிப்பதில்லை. முதலில் ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் சில நூறு பெயர்களைப் பொறுக்கி, அவர்களை மட்டும் விசாரித்து, கிடைத்த விடையை நகரம் முழுவதற்கும் உரியதாகக் கொள்கிறார்கள். அந்த முதற் பட்டியலைப் புள்ளியியலார் மாதிரிச் சட்டகம் என்பர். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அது சட்டகத்துக்குள் இருப்பவர்களிடையே மட்டுமே நேர்மையானது. உள்ளே இல்லாதவருக்குத் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பே இல்லை. இரண்டு இடங்களில் இருப்பவருக்கோ அவ்வாய்ப்பு இரட்டிப்பு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லெஸ்லி கிஷ், 1965-இல் வெளியிட்ட நூலில், சட்டகத்தின் குறைகளை நான்காக வகுத்தார்: இருக்கவேண்டியது விடுபடுதல், ஒரே வரியில் பலர் அடங்கியிருத்தல், இல்லாதது இருப்பதாக நிற்றல், ஒன்றே பலமுறை வருதல்.

ஈப்போவில் ஆய்வு நடத்துவோர் பொதுவாக நினைப்பது வாக்காளர் பட்டியலை. மலேசியாவில் முன்பு, இருபத்தொரு வயது நிறைந்தவர் தாமாக விண்ணப்பித்தால்தான் அதில் பெயர் ஏறும். ஆதலால் இளைஞர் பலர் வெளியே நின்றனர். 2019-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, வாக்குரிமை வயது பதினெட்டாகக் குறைந்ததோடு பதிவும் தானாகவே நிகழத் தொடங்கிற்று. 2018 பொதுத்தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. விடுபடுதல் என்னும் குறை இவ்வாறு பெருமளவு நீங்கியது. ஆனால் தானாகப் பதிவாகிறவரின் தொகுதி அவருடைய மைகாட் அட்டையிலுள்ள விலாசத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. தோட்டத்து விலாசத்தில் அட்டை பெற்று, ஈப்போவில் வாடகைக்கு வாழ்ந்து, அட்டையை மாற்றிக்கொள்ளாமல் இருக்கும் இளைஞர் பட்டியலில் இருக்கிறார். ஆனால் ஈப்போவின் பட்டியலில் இல்லை. பெயர் முழுமையாகச் சேர்வதும் விலாசம் உண்மையாக இருப்பதும் இரு வேறு குணங்கள். ஒன்று வளர்ந்ததனால் மற்றதும் வளர்ந்துவிட்டதாகக் கருதுவது பெரும் பிழை.

மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரிப் பட்டியலோ வேறு வகையானது. அதில் ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு பதிவு உண்டு. ஆனால் பெயர் உரிமையாளருடையது. மூன்று வீடு வைத்திருப்பவர் மூன்றுமுறை வருகிறார். அம்மூன்றில் வாடகைக்கு இருக்கும் மூன்று குடும்பங்களும் பெயரளவில் ஒருமுறைகூட வருவதில்லை. வரி வசூலிக்க இதுவே போதும். உரிமையாளர் யார் என்று தெரிவதில் மன்றத்துக்கு அக்கறை உண்டு; உள்ளே யார் உறங்குகிறார் என்பதை அறிய அவசியமில்லை. ஒரு பட்டியலில் எந்தப் பிழையால் எவருக்கேனும் நஷ்டமோ அந்தப் பிழை மட்டுமே திருத்தப்படும். எவருக்கும் நஷ்டம் தராத பிழை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இக்குறைகள் விடையை எங்ஙனம் திரிக்கின்றன என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் காண்போம். ஒரு நகரத்தில் 1,00,000 குடும்பங்கள் இருப்பதாகவும், வாக்காளர் பட்டியலையும் வரிப் பட்டியலையும் இணைத்துச் செய்த சட்டகத்தில் 80,000 குடும்பங்கள் மட்டும் அகப்பட்டதாகவும் கொள்வோம். அகப்பட்டவற்றில் 24,000 குடும்பங்கள், அதாவது நூற்றுக்கு 30, வாடகை வீட்டில் வாழ்கின்றன. விடுபட்ட 20,000 குடும்பங்களோ பெரும்பாலும் அண்மையில் வந்தவை; அவற்றில் 16,000, அதாவது நூற்றுக்கு 80, வாடகைக்கு இருப்பவை. ஆகவே நகரம் முழுவதிலும் உண்மை விகிதம் நூற்றுக்கு 40. ஆனால் சட்டகத்திலிருந்து எத்தனை நேர்மையாகக் குலுக்கி எடுத்தாலும் வரும் விடை ஏறக்குறைய 30.

இங்கே பலருக்கும் தோன்றும் பரிகாரம், மாதிரியைப் பெரிதாக்குவது. 400 குடும்பங்களை விசாரித்தால் தற்செயலால் நேரும் தவறு மேலும் கீழுமாக ஏறத்தாழ 4.5 புள்ளி, 4,000 குடும்பங்களை விசாரித்தால் அது 1.4 புள்ளியாகச் சுருங்கும். ஆனால் அது 30-ஐச் சுற்றிச் சுருங்குகிறதேயன்றி 40-ஐ நோக்கி ஓர் அடியும் நகர்வதில்லை. பணத்தையும் உழைப்பையும் பத்து மடங்கு செலவிட்டு நாம் பெற்றது, தவறான எண்ணின்மேல் அதிக நம்பிக்கை ஒன்றே. பிழையின் அளவு இரண்டு காரணங்களின் பெருக்கம்: விடுபட்டோர் பங்கு எவ்வளவு, அவர்கள் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு வேறுபட்டவர்கள். இங்கே ஐந்தில் ஒரு பங்கு விடுபட்டது. வேறுபாடு 50 புள்ளி. பிழை 10 புள்ளி. விடுபட்டவர்கள் எல்லாரையும் போன்றவர்களாகவே இருந்திருந்தால் பிழை பூஜ்யம். இடம்பெயர்ந்தவர்கள் அப்படியிருப்பதில்லை, பெயரேட்டிலிருந்து அவர்களை நழுவச் செய்த வறுமையும் வாடகையும் நிலையாமையுமே ஆய்வு அறிய விரும்பும் விஷயங்களாக இருப்பதனால், பட்டியலின் குறை மிகப் பொல்லாத இடத்தில் வந்து அமைகிறது.

இதன்மேல் இரட்டைப் பதிவும் சேரட்டும். சொந்த வீட்டில் நெடுநாள் நிலைத்திருக்கும் 10,000 குடும்பங்கள் இரண்டு பட்டியல்களிலும் இருந்து, இணைக்கும்போது இருமுறை ஏறிவிட்டன என்றால், சட்டகத்தின் பதிவுகள் 90,000 ஆகும். வாடகைக் குடும்பங்களோ அதே 24,000. விடை இப்பொழுது 30-லிருந்து 26.7-க்கு இறங்குகிறது. இரட்டைப் பதிவை நீக்குவதும் நம்மவர் விஷயத்தில் எளிதன்று. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒருவிதமாகவும், பள்ளியில் எழுதியது வேறுவிதமாகவும் ரோமன் எழுத்தில் நிலைத்துவிட்டதால், ஒரே முனியாண்டி இருவராகத் தோன்றுவார். தகப்பன் பெயரும் தம் பெயரும் ஒத்த இரண்டு ராமசாமிகள் ஒருவராக மறைந்தும் போவார்கள். மைகாட்டின் பன்னிரண்டு இலக்க எண் இரு பட்டியல்களிலும் இருந்தால் சிக்கல் தீரும். இல்லையெனில், தேர்ந்தெடுத்த குடும்பத்திடமே அவர்கள் பெயர் எத்தனை பட்டியல்களில் இருக்கக்கூடும் என்று விசாரித்து, இருமுறை வந்தவரின் விடைக்குப் பாதி மதிப்பே தருவது முறை. அப்படிச் செய்தால் 26.7 மீண்டும் 30 ஆகும், அதற்குமேல் ஏறாது. மிகையைக் கணக்கால் திருத்தலாம், ஏனெனில் மிகை கண்ணெதிரே இருக்கிறது. விடுபட்டதைத் திருத்தத் தெருவுக்குத்தான் போகவேண்டும்.

தெருவுக்குப் போகிறவர் செய்யக்கூடிய தவறு ஒன்றுண்டு. கையிலுள்ள விலாசத்தில் வீடு இடிக்கப்பட்டிருக்கும். அல்லது குடும்பம் போய்விட்டிருக்கும். உடனே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி எண்ணிக்கையைப் பூர்த்தி செய்துவிடுவது விசாரணையாளர் பலரின் வழக்கம். இதனால் இடிந்த வீட்டுக்கு அண்டையில் இருப்பவருக்கு, தம் பங்கோடு அந்த வீட்டின் வாய்ப்பும் சேர்ந்துவிடுகிறது. அதைவிடக் கேடாக, பட்டியல் எவ்வளவு பழையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியமும் அழிந்துவிடுகிறது. வீடு இல்லையென்றால் இல்லையென்றே எழுதவேண்டும். ஆள் இருந்தும் பேசவில்லையென்றால் அதைத் தனியாக எழுதவேண்டும். நூறு விலாசங்களில் இருபது வெறுமையென்று தெரிந்தால், போனவர்கள் இன்னோரிடத்தில் பதியப்படாமல் இருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு.

விடுபட்டோரைப் பிடிக்கும் வழி, பெயர்ப் பட்டியலை விட்டு நிலத்தைச் சட்டகமாகக் கொள்வதாகும். மக்கள் பெயர்வார்கள், நிலம் பெயர்வதில்லை. மலேசியப் புள்ளிவிவர இலாகா நாட்டை, ஒவ்வொன்றிலும் சுமார் 80 முதல் 120 குடியிருப்புகள் அடங்கிய கணக்கெடுப்புக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வும் நகரங்களில் இவ்வகைக் கட்டங்களையே ஆதாரமாகக் கொள்கிறது. முதலில் சில கட்டங்களைக் குலுக்கி எடுத்து, அவற்றை நடந்து பார்த்து வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டு, பிறகு அப்புதிய பட்டியலிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகரம் முழுவதையும் பட்டியலிடுவது சிறு குழுவால் ஆகாத காரியம். நாற்பது கட்டங்களைப் பட்டியலிடுவது ஆகும்.

பட்டியலிட்ட பின்னும் சில தப்பும். அதற்குக் கிஷ் விளக்கிய எளிய விதி ஒன்று உதவுகிறது. தேர்ந்தெடுத்த வீட்டுக்குப் போனவர், அவ்வீட்டுக்கும் பட்டியலில் அதற்கடுத்துள்ள வீட்டுக்கும் இடையே பட்டியலில் இல்லாத குடியிருப்பு ஏதேனும் உண்டா என்று பார்க்கவேண்டும். புந்தோங்கில் ஒரு சந்தில் 17-ஆம் எண்ணும் அடுத்து 19-ஆம் எண்ணும் பட்டியலில் இருக்க, இடையே 17-இன் பின்கட்டில் தனி அடுப்போடு ஒரு குடும்பம் இருந்தால், 17 தேர்ந்தெடுக்கப்பட்ட போதெல்லாம் அக்குடும்பமும் தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். எனவே அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு 17-ஆம் வீட்டின் வாய்ப்புக்குச் சரிசமம், கூடுதலுமில்லை, குறைவுமில்லை. அடுத்த வீட்டைத் தட்டும் பழக்கத்துக்கும் இந்த விதிக்கும் உள்ள பேதம் இதுவே: அது விசாரணையாளரின் வசதிக்கு ஏற்றது, இது எவ்வீட்டுக்கு என்ன வாய்ப்பு என்பதை முன்கூட்டியே நிச்சயித்தது.

நிலச் சட்டகத்துக்கும் எல்லை உண்டு. ஒரே கதவுக்குள் மூன்று குடும்பங்கள் இருப்பதையும், வாடகையாளரை வீட்டுக்காரர் மறைப்பதையும், அதிகாரிகளைக் கண்டால் ஒதுங்கும் ஆவணமற்றவரையும் அது தானாகக் காட்டிவிடாது. பொறுமையும் ஸ்தல அறிவும் உள்ளவர் கேட்டால்தான் தெரியும். ஆகவே ஈப்போ மக்களில் நூற்றுக்கு இத்தனை பேர் இப்படி என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதற்கு முன்னால், எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அது எந்த ஆண்டினது, விலாசங்களில் எத்தனை வெறுமையாக இருந்தன என்று நாம் கேட்கவேண்டும். செக்ரோலில் தம் பெயர் விடுபட்டபோது தொழிலாளி அன்றைக்கே வாதாட முடிந்தது, ஏனெனில் அவர் அங்கே நின்றார். ஆய்வின் பட்டியலில் விடுபட்டவருக்குத் தாம் விடுபட்டதே தெரியாது. அவருக்காக வாதாடும் கடமை ஆய்வு செய்பவருடையது. அக்கடமையை அவர் செய்தாரா என்று பார்ப்பது வாசிப்பவருடையது.