பைக்ல போறவங்களுக்கு மாஸ்க்: வடிகட்டியை விட விளிம்பு முக்கியம்

மேடவாக்கத்துல இருந்து சோழிங்கநல்லூர் வந்து ஓ.எம்.ஆர். பிடிக்கிறவங்களுக்கு மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையைப் பற்றி நான் அறிமுகம் கொடுக்க வேண்டியதில்லை. தூண் நடுற இடத்துல மண் புழுதி, அதைத் தாண்டினா சிக்னல்ல முன்னாடி நிக்கிற பஸ்ஸோட கரும்புகை. இரண்டும் ஒரே மூக்குக்குள்ள போனாலும் இரண்டும் ஒரே பொருள் இல்லை. மாஸ்க் வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்தா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

ரோட்டுப் புழுதியில எடை அதிகமா இருக்கிற துகள்கள் பல மைக்ரான் அளவு கொண்டவை. இவற்றுக்கு எடை இருப்பதால் காற்று வளைந்து போனாலும் இவை நேராகப் போய்த் துணியில் மோதி நின்றுவிடும். கைக்குட்டை கட்டினாக்கூட மூக்குல மண் ஏறாம இருக்கிறது இதனாலதான். டீசல் புகையின் கரித்துகள் அப்படி இல்லை. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழே, பல 0.1 மைக்ரான் அளவில்தான் இருக்கும். காற்று எங்கே போகிறதோ அங்கேயே கூடப் போகும். கைக்குட்டையின் நூல் இடைவெளி அதுக்கு வாசல் மாதிரி. ஆக, கைக்குட்டை கட்டினவருக்கு தும்மல் நின்னுடும், புகை நிக்காது. தும்மல் நின்னதை வச்சு பாதுகாப்பா இருக்கோம்னு நினைக்கிறதுதான் இதுல சிக்கல்.

புகையைப் பிடிக்க என்95 வகை மாஸ்க்குல உள்ள நடு அடுக்குதான் வேலை செய்கிறது. உருக்கி ஊதிய பாலிப்ரொப்பிலீன் இழை. அதில் நிரந்தரமாக மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். துகள் இழையில் மோதவே வேண்டாம், பக்கத்தில் வந்தாலே இழுத்துக்கொள்ளும். அதனாலதான் இவ்வளவு மெல்லிய துணி இவ்வளவு வடிகட்டியும் மூச்சு திணறாமல் இருக்கிறது. அமெரிக்க விதிப்படி நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்று ஓடும்போது 0.3 மைக்ரான் அளவு உப்புத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால் அது என்95. நம்ம ஊர்ல இதுக்குச் சமமா பார்க்க வேண்டியது ஐ.எஸ். 9473 தரத்தின்படி வரும் எஃப்.எஃப்.பி.2 வகை, அதுக்கு 94 சதவீதம்.

இந்த 95-ஐயும் 94-ஐயும் வச்சு சண்டை போடுறது வேஸ்ட். இந்த எண்கள் எல்லாம் வடிகட்டித் துணிக்கு உரியவை. துணியை ஒரு பிடிப்பானில் மாட்டி, ஓரம் எல்லாம் அடைத்து அளந்தவை. உங்க முகத்துல ஓரம் அடைஞ்சிருக்கா என்பது வேற கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வெளியே உள்ள காற்றில் 1000 துகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 95 சதவீத வடிகட்டி, ஆனால் மூச்சுக் காற்றில் 10 சதவீதம் மூக்கோரத்து இடைவெளி வழியாகப் போகிறது. துணி வழியாகப் போகும் 900-ல் 45 உள்ளே வரும். இடைவெளி வழியாகப் போகும் 100-ம் அப்படியே வரும். மொத்தம் 145.

இப்போ காசு செலவு பண்ணி 99 சதவீத வடிகட்டி வாங்குறோம், இடைவெளி அதே 10 சதவீதம். துணி வழியாக 9, இடைவெளி வழியாக 100, மொத்தம் 109. அதுக்குப் பதிலா பழைய 95 சதவீத மாஸ்க்கையே வச்சுக்கிட்டு இடைவெளியை 2 சதவீதமா குறைச்சா? துணி வழியாக 49, இடைவெளி வழியாக 20, மொத்தம் 69. வடிகட்டி வெறும் 90 சதவீதமா இருந்தாக்கூட, இடைவெளி 2 சதவீதம்னா 118 தான் வரும். ஓட்டை உள்ள 95-ஐ விட ஒழுங்கா உட்கார்ந்த 90 தேவலை.

இரண்டு மாஸ்க் போட்டா டபுள் பாதுகாப்புனு சொல்றவங்களுக்காக இன்னொரு கணக்கு. இதை எலெக்ட்ரிகல் டிபார்ட்மென்ட் ஆளுங்க உடனே பிடிச்சுடுவாங்க. துணியும் இடைவெளியும் பக்க இணைப்பில் உள்ள இரண்டு மின்தடைகள் மாதிரி. காற்று இரண்டிலும் பிரிந்து ஓடும். முதல் கணக்கில் 10 சதவீதம் இடைவெளி வழியாகப் போகிறது என்றால், இடைவெளியின் தடை துணியின் தடையைப் போல 9 மடங்கு என்று அர்த்தம். அதே மாஸ்க்கை இன்னொன்றின் மேலே போட்டால் துணியின் தடை இரண்டு மடங்காகும், விகிதம் 4.5 ஆகக் குறையும். இடைவெளி வழியாகப் போவது 10-ல் இருந்து சுமார் 18 சதவீதமாக ஏறும். இரண்டு துணியும் சேர்ந்து கிட்டத்தட்ட எல்லாத்தையும் பிடிச்சாலும் இடைவெளி வழியாகவே 182 உள்ளே வந்துடும். ஒற்றை மாஸ்க்கின் 145-ஐ விட மோசம்! மேல போடுற மாஸ்க் கீழ உள்ளதோட ஓரத்தை முகத்தோட அழுத்திப் பிடிச்சா மட்டும்தான் கதை மாறும். இடைவெளியில் காற்றோட்டம் இவ்வளவு நேர்கோட்டில் இருக்காது, அதனால் எண்கள் தோராயம்தான். போகும் திசை இதுதான்.

புழுதி ஏறி அடைத்துக்கொண்ட பழைய மாஸ்க்குக்கும் இதே நியாயம். துணியின் தடை கூடக்கூட காற்று ஓரத்தைத் தேடிப் போகும். "இப்போ மூச்சு விட ஈசியா இருக்கு, மாஸ்க் பழகிடுச்சு" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் நாடா தளர்ந்திருக்கும்.

பைக்குக்கே உரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது, ஃபேக்டரியில் நின்று வேலை பார்ப்பவருக்கு இது கிடையாது. எதிர்க்காற்று. மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். காற்றின் அடர்த்தியை 1.2 என்று வைத்தால்:

½ × 1.2 × 11.1² ≈ 74 Pa

இது பெரிசா சின்னதா? ஐரோப்பியத் தரத்தில் எஃப்.எஃப்.பி.2 மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று இழுக்கும்போது அனுமதிக்கும் அதிகபட்சத் தடை 70 பாஸ்கல். அதாவது வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டினால், நீங்க மூச்சு இழுக்கும் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று மாஸ்க்கைத் தள்ளுகிறது. முன்பக்கம் அழுத்தம் அதிகம், கன்னத்தோரம் குறைவு. மூக்கோரம் ஓட்டை இருந்தால் அங்கே புகுந்து கன்னத்தோரம் வெளியே போகும். நடுவுல உங்க மூக்கு. முழு முக ஹெல்மெட்டில் வைசரை இறக்கினாலே இந்தத் தள்ளல் பெருமளவு போய்விடும். வெயில்ல வேகுதுன்னு வைசரைத் தூக்குறது புரியுது, ஆனா தூண் வேலை நடக்குற அந்த ரெண்டு கிலோமீட்டர்லயாவது இறக்கிடுங்க.

ஹெல்மெட் நல்லதும் செய்யும், கெட்டதும் செய்யும். முழு முக ஹெல்மெட்டைத் தலையில் இழுத்து மாட்டும்போது கன்னத்துப் பஞ்சு மாஸ்க்கைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். வீட்டு வாசலில் கண்ணாடி பார்த்துச் சரியாகப் போட்ட மாஸ்க், ஹெல்மெட் ஏறியதும் மூக்குத்தண்டை விட்டு நழுவியிருக்கும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதல்ல மாஸ்க், மேல் நாடா உச்சந்தலைப் பக்கம், கீழ் நாடா காதுக்குக் கீழ் கழுத்தில். இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சை இழுங்க, மாஸ்க் உள்வாங்கணும். ஊதுங்க, கண் பக்கம் காற்று வரக் கூடாது. அதுக்கப்புறம் ஹெல்மெட்டின் கன்னப்பகுதியை வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்து மாட்டணும். மாட்டிய பிறகு கண் திறப்பு வழியாக விரலை விட்டு மூக்குக் கம்பியை மறுபடியும் இரண்டு பக்கமும் அழுத்தணும். கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடங்கி அங்கேயே ஓட்டை விழும். இரண்டு கை விரலால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நீவணும்.

ஹெல்மெட் போட்டதும் உள்ளங்கையால் மூடிப் பார்க்க முடியாது. அப்போ வைசரோ மூக்குக்கண்ணாடியோ சொல்லிடும். வால்வு இல்லாத மாஸ்க் போட்டிருக்கும்போது மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி பனி பூத்தால் மூக்கோரம் ஒழுகுகிறது. மூச்சு வெளியே போற வழியிலதான் புகை உள்ளேயும் வரும். இன்னொரு சாட்சி கழற்றிய மாஸ்க்கின் உட்பக்கம். சில நாள் ஓட்டின பிறகு விளிம்பில் கருப்புக் கோடு உள்நோக்கிப் போயிருந்தால் காற்று புகுந்த வழி அதுதான். வெளிப்பக்கம் எவ்வளவு கருத்திருந்தாலும் கவலை இல்லை, அது மாஸ்க் வேலை செஞ்சதுக்கு அடையாளம்.

டீசல் வாசனை வந்தா மாஸ்க் ஒழுகுதுன்னு முடிவு பண்ணாதீங்க. வாசனை என்பது வாயு; துகள் வடிகட்டி அதைப் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடும் அப்படியே உள்ளே வரும். ரோட்டோரம் விற்கும் கருப்பு 'ஆன்டி பொல்யூஷன்' மாஸ்க்கில் இருக்கும் மெல்லிய கார்பன் அடுக்கு வாசனையைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த வகை மாஸ்க்கில் வால்வைத் திறந்து பாருங்க: நியோப்ரீன் ஓட்டுக்குள்ள ஒரு சின்ன வடிகட்டித் துண்டு சும்மா செருகியிருக்கும். துண்டைச் சுற்றி அடைப்பு இல்லை என்றால், இடைவெளி முகத்தில் மட்டும் இல்லை, மாஸ்க்குக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

தாடி பற்றிச் சொல்லாமல் விட்டால் ஃபைனல் இயர் பசங்க தப்பிச்சுடுவாங்க. விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் எந்த அரை முக மாஸ்க்கும் அடைக்காது. ஒரு முடியின் தடிமனே 0.3 மைக்ரானைப் போல நூறு மடங்குக்கு மேல். மீசை விளிம்புக்குள்ளேயே அடங்கினால் பிரச்சினை இல்லை. முழுத் தாடி வைக்கிறவருக்கு விலை உயர்ந்த மாஸ்க் வாங்குவதால் பெரிய லாபம் இல்லை.

கடையில் 'என்95' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். 9473 என்றும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கணும். அந்த எண்ணை BIS Care ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று காட்டும். கடைக்காரர் முன்னாடியே பார்க்கலாம், கோவிச்சுக்க மாட்டார். காதுநாடா வகையும் தலைநாடா வகையும் இரண்டும் இருந்தால் தலைநாடாவை எடுங்க. காதுநாடா காது வலிக்காத அளவுக்குத்தான் இழுக்கும், அந்த இழுப்பு ஓரத்தை அடைக்கப் பெரும்பாலும் போதாது. அதுக்கு மேல ஹெல்மெட்டைக் கழற்றும்போது அதோடயே பிய்ஞ்சு வரும்.

இந்த மாஸ்க்கை சோப்புப் போட்டுத் துவைக்கவோ சானிடைசர் அடிக்கவோ கூடாது. இழையின் மின்னூட்டம் போய்விடும். பார்க்க அதே மாஸ்க், பிடிப்பது வெகுவாகக் குறைந்திருக்கும். காகிதக் கவரில் போட்டுக் காற்றாட வைங்க, பைக் டிக்கியில் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைக்க வேண்டாம். நாடா தளர்ந்தாலும், மூக்குக் கம்பி ஒடிந்தாலும், மூச்சு இழுக்கக் கஷ்டமானாலும் அன்னைக்கே மாற்றிடலாம்.